முக்கோணத்தில் இரண்டு செங்கோணம் இருக்க முடியாது: நாலு வழிகளில் எதை எழுதுவது?

"ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியாது என நிறுவுக." ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இதைவிடச் சின்னக் கேள்வியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் விடை எழுத உட்கார்ந்தால் எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் வந்துவிடுகிறது. கோணங்களின் கூடுதல் 180° என்று சொல்லி இரண்டு வரியில் முடித்துவிடலாமா, செங்குத்துக் கோடுகள் இரண்டும் இணை, அவை சந்திக்காது என்று எழுதலாமா, வெளிக்கோணத் தேற்றத்தைப் பிடித்துக்கொள்வதா, "முரண்பாடு மூலம்" என்று சொல்கிறார்களே அது இதில் எங்கே வருகிறது? இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது, மாணவர்களிடமிருந்தும் வருகிறது, பாடம் எடுப்பவர்களிடமிருந்தும் வருகிறது. அதனால் நாலு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரடியாக நிறுவுகிறோமா, முரண்பாடு மூலம் நிறுவுகிறோமா என்பது இரண்டாம் பட்சம். நாம் செய்த தப்பான அனுமானம் கடைசியில் எந்த உண்மையில் போய் மோதுகிறது, அந்த உண்மை எதன் மேல் நிற்கிறது, இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, அடித்தளம். நிறுவலில் பயன்படுத்தும் ஒவ்வொரு தேற்றமும் அதற்கு முன்னாலேயே நிறுவப்பட்டிருக்க வேண்டும், முக்கியமாக நாம் இப்போது நிறுவப் போகும் கூற்றை வைத்து அது நிறுவப்பட்டிருக்கக் கூடாது. அப்படி இருந்தால் வட்டமாகச் சுற்றி வந்து கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டு, மோதும் இடம். "இது சாத்தியமில்லை" என்று எழுதும்போது, எந்தக் கூற்றோடு முரண்படுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். "படத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்பது மோதல் ஆகாது.

மூன்று, எவ்வளவு தூரம் போகும். இரண்டு செங்கோணங்களை மட்டும் தடுக்கிறதா, அல்லது ஒரு செங்கோணமும் ஒரு விரிகோணமும், 100°-யும் 95°-யும் மாதிரியான ஜோடிகளையும் சேர்த்துத் தடுக்கிறதா?

எந்த வழியை எடுத்தாலும் முதல் வரி ஒன்றுதான், அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியாது" என்பதன் மறுப்பு, "ஏதோ ஒரு முக்கோணத்தில் குறைந்தது இரண்டு செங்கோணங்கள் இருக்கின்றன" என்பது. "எல்லா முக்கோணங்களிலும் இருக்கின்றன" என்று எழுதினால் தப்பு, "மூன்று கோணங்களும் செங்கோணங்கள்" என்று எழுதினாலும் தப்பு. மூன்றும் 90° என்று வைத்துக்கொண்டு 270° வருகிறது, முரண்பாடு என்று முடித்தால், மூன்று செங்கோணம் இருக்க முடியாது என்று மட்டும்தான் நிறுவியிருக்கிறோம், கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. ஆகவே: △ABC-இல் ∠B = 90°, ∠C = 90° என்று கொள்வோம். மூன்றாவது கோணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

## வழி 1: கூடுதல் 180°

∠A + ∠B + ∠C = 180°. ∠B-யும் ∠C-யும் சேர்ந்து 180° ஆகிவிட்டதால் ∠A = 0°. அப்படியானால் AB-யும் AC-யும் ஒரே கோட்டின் மேல் விழுகின்றன, A, B, C மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன, முக்கோணமே இல்லை. முரண்பாடு.

தேர்வுக்கு இது போதும், மதிப்பெண்ணும் முழுசாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். "இரண்டு செங்கோணங்கள் உண்டு என்று கொள்வோம்" என்ற முதல் வரியையும் "இது முரண்பாடு" என்ற கடைசி வரியையும் கையால் மறைத்துவிட்டு, நடுவில் இருப்பது தானாகவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே நிற்கிறது: ∠B + ∠C = 180° − ∠A, ∠A பூச்சியத்தைவிடப் பெரியது, ஆகவே ∠B + ∠C எப்போதும் 180°-க்குக் குறைவு. அவ்வளவுதான், நேரடி நிறுவல். முரண்பாடு என்ற சட்டை மேலே போட்டிருக்கிறது, கழற்றினாலும் ஒன்றும் குறையாது. கழற்றினால் லாபம்கூட இருக்கிறது: எந்த இரண்டு கோணங்களை எடுத்தாலும் கூடுதல் 180°-க்குக் குறைவு என்ற பெரிய கூற்று கையில் கிடைக்கிறது, விரிகோண ஜோடிகளும் அதில் அடங்கிவிடுகின்றன. அதனால் மூன்றாவது அளவுகோலில் இந்த வழிக்கு முழு மதிப்பெண்.

மறைந்திருக்கும் செலவு அடித்தளத்தில் இருக்கிறது. 180° எங்கிருந்து வந்தது? A வழியாக BC-க்கு இணையாக ஒரு கோடு வரைகிறோம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்கிறோம், மூன்று கோணங்களும் A-யில் வரிசையாக அமர்ந்து ஒரு நேர்கோணம் ஆகின்றன. "இணை என்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்ற அந்த ஒரு வரிக்குப் பின்னால் யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள், அதாவது இணைகோட்டு எடுகோள், முழுசாக உட்கார்ந்திருக்கிறது. யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 29-ஆவது தேற்றத்தில்தான் அந்த எடுகோளை முதன்முதலாகத் தொடுகிறார், 180° கூடுதல் 32-ஆவது தேற்றத்தில் வருகிறது. ஆனால் "எந்த இரண்டு கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களைவிடக் குறைவு" என்பதை அவர் 17-ஆவதிலேயே முடித்துவிட்டார். அதாவது இணைகோட்டு எடுகோள் இல்லாமலே கிடைக்கும் ஒன்றுக்கு, நாம் அதைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளி மாணவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, 180° அவருக்குத் தெரிந்த தேற்றம். எந்தக் கூற்று எதன் மேல் நிற்கிறது என்று கற்றுக்கொடுக்க நினைப்பவருக்குத்தான் இது சரிப்படாது.

## வழி 2: இரண்டு செங்குத்துகள் இணை, இணைகள் சந்திக்காது

∠B = 90°, ∠C = 90°. ஆகவே AB-யும் AC-யும் BC-க்குச் செங்குத்து. ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் இணை. இணைகோடுகள் சந்திக்காது. ஆனால் இவை A-யில் சந்திக்கின்றன. முரண்பாடு.

படிக்க அழகாக இருக்கிறது, பலருக்கும் இதுதான் முதலில் தோன்றும். இந்த நாலில் எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான்.

மெதுவாகப் பாருங்கள். "ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் சந்திக்காது" என்பதை முக்கோண மொழியில் சொன்னால் என்ன வரும்? அவை சந்தித்தால் சந்திக்கும் புள்ளியும் இரண்டு அடிகளும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகும், அதில் இரண்டு செங்கோணங்கள் இருக்கும். ஆக, அது நாம் நிறுவ வேண்டிய அதே கூற்று. இரண்டு கூற்றுகள் இல்லை, ஒன்றுதான், இரண்டு விதமாக எழுதியிருக்கிறோம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுவினேன் என்றால், நிறுவல் எதுவும் நடக்கவில்லை.

அப்படியென்றால் இந்த வழி எப்போதுமே தப்பா? இல்லை. அந்தச் செங்குத்துக் கூற்று உங்கள் புத்தகத்தில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. "ஒத்த கோணங்கள் சமம் என்றால் கோடுகள் இணை" என்பதை நிறுவாமல் அடிப்படை உண்மையாகவே ஏற்றுக்கொண்டு தொடங்கும் பாடநூல் என்றால் சுற்று இல்லை, அங்கே இந்த வழி முறையானதுதான். யூக்ளிட் வரிசையில் போகும் புத்தகம் என்றால், அந்த இணைத் தேற்றம் வெளிக்கோணத் தேற்றத்தின் மேல் நிற்கிறது, அப்போது நேராக வழி 3-க்கே போய்விடலாம், நடுவில் இணைகோட்டை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்டுபிடிப்பது எளிது: பாடநூலில் அந்தத் தேற்றத்துக்குக் கீழே உள்ள நிறுவலைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே "முக்கோணத்தில் இரண்டு செங்கோணம் இருக்க முடியாது" என்ற வரி வந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

## வழி 3: வெளிக்கோணம்

இது யூக்ளிட் போன வழி. வெளிக்கோணம் இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அது 180°-இலிருந்து வருவது, இங்கே அது வேண்டாம். நமக்கு வேண்டியது அதைவிடப் பலவீனமான ஒன்று: வெளிக்கோணம் ஒவ்வொரு உள்ளெதிர்க் கோணத்தையும்விடப் பெரியது. இணைகோட்டைத் தொடாமலே இதை நிறுவலாம்.

AC-யை C-க்கு அப்பால் G வரை நீட்டுங்கள். BC-இன் நடுப்புள்ளி M. AM-ஐச் சேர்த்து, அதே நீளத்துக்கு F வரை நீட்டுங்கள், அதாவது MF = AM. இப்போது △ABM-உம் △FCM-உம்: BM = CM, AM = FM, நடுவில் குத்தெதிர்க் கோணங்கள் சமம். ப-கோ-ப விதிப்படி சர்வசமம். ஆகவே ∠MCF = ∠B. F என்ற புள்ளி ∠BCG-இன் உள்ளே இருக்கிறது, ஆகவே ∠BCG > ∠MCF = ∠B.

இனி நம் அனுமானத்தைப் போடுங்கள். ∠C = 90° என்றால் வெளிக்கோணம் ∠BCG-யும் 90°. அது ∠B-யைவிட, அதாவது 90°-ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 90° > 90° வருகிறது. மோதல் நடந்த இடம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது இந்த வழியின் பெரிய பலம்.

மறைக்கும் சோதனையை இங்கேயும் செய்து பார்த்தால், இதுவும் உள்ளுக்குள் நேரடி நிறுவல்தான்: 180° − ∠C > ∠B, ஆகவே ∠B + ∠C < 180°. எந்த ஜோடிக்கும் பொருந்தும். வழி 1 கொடுத்த அதே பெரிய கூற்றை, ஐந்தாம் எடுகோள் இல்லாமல் கொடுத்துவிடுகிறது.

செலவு என்னவென்றால், "F உள்ளே இருக்கிறது" என்ற அந்த அரை வாக்கியம். யூக்ளிட் அதைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் இரண்டு காரணங்கள் வேண்டும். A-யும் F-உம் M-க்கு இருபுறமும் இருப்பதால் அவை BC கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள், A-யும் G-யும் அதேபோல எதிரெதிர்ப் பக்கங்கள், ஆகவே F-உம் G-யும் BC-க்கு ஒரே பக்கம். AC கோட்டைப் பொறுத்தவரை M-உம் B-யும் ஒரே பக்கம், F அந்தப் பக்கத்திலேயே நீள்கிறது. இரண்டும் சேர்ந்தால் F கோணத்தின் உள்ளே. மாணவருக்கு இதை எல்லாம் எழுதச் சொல்வது அதிகம், ஆனால் இந்த வரி எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

## வழி 4: நீட்டி, மறுபக்கம் ஒரு நகல்

அசலான முரண்பாட்டு நிறுவல் வேண்டுமென்றால் இதைத்தான் எழுதச் சொல்வேன்.

∠B = ∠C = 90° என்று கொள்வோம். AB-யை B-க்கு அப்பால் A′ வரை நீட்டுங்கள், BA′ = BA. A′C-யைச் சேருங்கள். △ABC-யும் △A′BC-யும்: AB = A′B, BC பொது, B-யில் இரண்டு பக்கமும் 90°. ப-கோ-ப, சர்வசமம். ஆகவே ∠A′CB = ∠ACB = 90°. C-யில் இரண்டு பக்கமும் சேர்ந்து 180° ஆகிவிட்டது, அதனால் A, C, A′ ஒரே நேர்கோட்டில். ஆனால் A, B, A′-உம் ஒரே நேர்கோட்டில், நாமே அப்படித்தான் நீட்டினோம். இப்போது A, A′ என்ற இரண்டு புள்ளிகள் வழியாக இரண்டு வெவ்வேறு நேர்கோடுகள் போகின்றன. இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் உண்டு. முரண்பாடு.

இங்கே மறைக்கும் சோதனை தோற்றுப்போகும். முதல் வரியை மறைத்தால் நடுவில் ஒன்றுமே நிற்காது, ஏனென்றால் A, C, A′ ஒரே கோட்டில் வருவதே அந்தத் தப்பான அனுமானத்தால்தான். படமும் அப்படித்தான்: இதை உண்மையாக வரைய முடியாது. பலகையில் B-யிலும் C-யிலும் செங்குத்து எழுப்பினால் அவை மேலே சந்திக்கவே மாட்டா, ஆகவே பக்கங்களைக் கொஞ்சம் வளைத்து, மேலே A-யிலும் கீழே A′-யிலும் கூம்பி, நடுவில் BC குறுக்காக ஓடும் ஒரு கண் மாதிரிதான் வரைய வேண்டும். வளைத்து வரைவதற்கு வெட்கப்படத் தேவையில்லை, "படம் அனுமானத்தின் விளைவு, அளவுக்கு ஏற்றதல்ல" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நேராக வரைந்து "சந்திக்கவில்லை பாருங்கள்" என்றால்தான் தப்பு, அது வழி 2-இன் வட்டத்தைப் படமாக வரைந்த மாதிரி ஆகிவிடும்.

அடித்தளம் மிகச் சின்னது: ப-கோ-ப, 180° சேர்ந்தால் நேர்கோடு, இரண்டு புள்ளிகளுக்கு ஒரே கோடு. அந்தக் கடைசிக் கூற்றிலிருந்து, இரண்டு வெவ்வேறு கோடுகளுக்கு ஒன்றுக்கு மேல் பொதுப்புள்ளி இருக்க முடியாது என்பதை என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் யூக்ளிட் பாடத்தில் முரண்பாடு மூலமே நிறுவுகிறது, அதைப் படித்த மாணவர் நேராக இங்கே வரலாம்.

குறை ஒன்று உண்டு. சரியாக 90°, 90° என்றால்தான் அந்தச் சர்வசமம் இந்த வடிவில் வேலை செய்யும். 90°-யும் 100°-யும் என்றால் A′-க்கு வரும் கோடு C-யில் நேராக நிற்காது. அதற்கு வேறு வடிவம் வேண்டும். கூடுதல் சரியாக 180° ஆகும் ஜோடிகளுக்கு மட்டும் ஓடும் உறவினர் ஒன்று கீழே இணைகோட்டில் வரும்.

## உருண்டையில் வைத்துச் சோதனை

ஒரு நிறுவல் எதன் மேல் நிற்கிறது என்று அறிய, அந்தக் கூற்று பொய்யாகும் இடத்தில் அதை ஓட்டிப் பார்ப்பதுதான் நல்ல வழி. பூமி உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், நேர்கோடு என்றால் பெருவட்டம், அதாவது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டம். A வட துருவம். B நிலநடுக்கோட்டில் 0° தீர்க்கரேகை, C நிலநடுக்கோட்டில் 90° கிழக்கு. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டைச் செங்குத்தாக வெட்டுகின்றன, ஆகவே ∠B-யும் ∠C-யும் 90°, துருவத்தில் ∠A-யும் 90°. மூன்று செங்கோணம், கூடுதல் 270°. C-யை 50° கிழக்குக்கு நகர்த்தினால் 90°, 90°, 50°.

இங்கே நாலு நிறுவல்களும் எங்கே உடைகின்றன? வழி 1 முதல் வரியிலேயே உடைகிறது, 180° இங்கே உண்மை இல்லை. அவ்வளவுதான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. வழி 2-இல் இரண்டு செங்குத்துகள் துருவத்தில் சந்தித்தே விடுகின்றன, அதாவது எதை நிறுவ வேண்டுமோ அதுவே பொய், புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

வழி 3-இல் வேடிக்கை பாருங்கள். M நிலநடுக்கோட்டில் 45° கிழக்கில் இருக்கிறது. AM கால் வட்டம். அதை இரட்டிப்பாக்கினால் F தென் துருவத்தில் போய் விழுகிறது. AC-யை நீட்டிய கோடும் தென் துருவத்துக்குத்தான் போகிறது. ஆகவே F கோணத்தின் உள்ளே இல்லை, சரியாக அதன் விளிம்பில் இருக்கிறது, ∠MCF-உம் ∠BCG-யும் சமமாகிவிடுகின்றன, 90° > 90° என்ற மோதல் 90° = 90° என்று கரைந்துபோகிறது. படத்திலிருந்து சும்மா எடுத்துக்கொண்ட அந்த அரை வாக்கியம்தான் முழு நிறுவலையும் தாங்கிக்கொண்டிருந்தது.

வழி 4-இல் A′ தென் துருவம். சர்வசமம் சரி, நேர்கோடும் சரி, எல்லாப் படிகளும் உருண்டையிலும் உண்மை. கடைசி வரி மட்டும் பொய்: இரண்டு துருவங்கள் வழியாக எத்தனை தீர்க்கரேகை வேண்டுமானாலும் போகலாம். சமதளத்துக்கும் உருண்டைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே வரியில், நிறுவலின் கடைசி வரியில், வந்து நிற்கிறது.

| | வழி 1: 180° | வழி 2: இணை | வழி 3: வெளிக்கோணம் | வழி 4: நகல் |
|---|---|---|---|---|
| இணைகோட்டு எடுகோள் வேண்டுமா | வேண்டும் | பாடநூலைப் பொறுத்தது | வேண்டாம் | வேண்டாம் |
| சுற்றி வரும் அபாயம் | குறைவு | மிக அதிகம் | இல்லை | இல்லை |
| மோதும் இடம் | ∠A = 0° | இணைகள் சந்திப்பது | 90° > 90° | இரு புள்ளிகளுக்கு இரு கோடுகள் |
| விரிகோண ஜோடிக்கும் போகுமா | போகும் | இந்த வடிவில் போகாது | போகும் | இந்த வடிவில் போகாது |
| உண்மையில் முரண்பாட்டு நிறுவலா | இல்லை | தோற்றத்தில் மட்டும் | இல்லை | ஆம் |
| எங்கே கவனம் | 180° எங்கிருந்து வந்தது | இணைத் தேற்றத்தின் நிறுவல் | F உள்ளே இருப்பது | வளைந்த படம் |

## இணைகோடுகள் சந்தித்தால்

இதே குழப்பம் இணைகோட்டுக் கேள்வியிலும் வரும், அங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. "இணைகோடுகள் சந்திக்காது என நிறுவுக, சந்திக்கின்றன என்று கொள்வோம்" என்று தொடங்கினால், இணை என்பதற்கான வரையறையே சந்திக்காத கோடுகள் என்பதுதான், ஆகவே நிறுவ ஒன்றும் இல்லை. கேள்வியைத் திருத்தி எழுத வேண்டும்: l, m என்ற கோடுகளை ஒரு குறுக்குவெட்டி P-யிலும் Q-விலும் வெட்டுகிறது, ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம். l-உம் m-உம் சந்திக்காது என நிறுவுக.

யூக்ளிட் இதை 27-ஆவது தேற்றத்தில் வெளிக்கோணத்தை வைத்து முடிக்கிறார்: R-இல் சந்தித்தால் PQR ஒரு முக்கோணம், அதன் வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமமாகிவிடும், அது முடியாது. வழி 4-இன் பாணியில் செய்தால் வெளிக்கோணமும் வேண்டாம். வலப்பக்கம் R-இல் சந்திக்கின்றன என்று கொள்வோம். l-இன் மேல் P-க்கு இடப்பக்கம் PS = QR ஆகும்படி S-ஐக் குறியுங்கள். △PQS, △QPR: PS = QR, PQ பொது, ∠SPQ = ∠RQP (ஒன்றுவிட்ட கோணங்கள்). சர்வசமம். ஆகவே ∠SQP = ∠RPQ. ஆனால் l நேர்கோடு என்பதால் ∠RPQ + ∠SPQ = 180°. இரண்டையும் மாற்றிப் போட்டால் ∠SQP + ∠RQP = 180°, ஆக S, Q, R ஒரே கோட்டில், S-உம் m மேல் இருக்கிறது. l-க்கும் m-க்கும் R, S என்று இரண்டு பொதுப்புள்ளிகள். முரண்பாடு. வலப்பக்கம் சந்தித்தால் இடப்பக்கமும் சந்தித்தே தீர வேண்டும் என்பதுதான் இதன் சாரம், அது தெரிந்துவிட்டால் மீதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செங்கோணம் மட்டும் என்ற குறையும் இங்கே போய்விட்டது, ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தால் எந்தக் கோணமானாலும் ஓடும்.

இதன் மறுதலை, அதாவது இணை என்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது, தனிக் கதை. அங்கே எந்த வழியில் போனாலும் ஐந்தாம் எடுகோளைக் கொடுத்தே ஆக வேண்டும். P வழியாக, ஒன்றுவிட்ட கோணம் சமமாகும்படி இன்னொரு கோடு l′ வரையுங்கள், மேலே நிறுவியதன்படி l′ m-க்கு இணை, l-உம் இணை, ஒரு புள்ளி வழியாக இரண்டு இணைகள், ஒன்றுதான் உண்டு என்பது எடுகோள், முரண்பாடு. இந்த மோதல் ஓர் எடுகோளோடு நடக்கிறது, தேற்றத்தோடு இல்லை. அதை விடையில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

## மோதல் உண்மையிலேயே நடந்ததா

முரண்பாட்டு முறையின் பெரிய ஆபத்து, மோதாமலே மோதிவிட்டது என்று நம்பிவிடுவது. வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சி இத்தாலியப் பாதிரியார் ஜிரோலாமோ சாக்கேரி. 1733-இல் மிலானில் வெளிவந்த தன் நூலில் அவர் ஐந்தாம் எடுகோளை முரண்பாடு மூலம் நிறுவப் பார்த்தார். அடியில் இரண்டு செங்கோணங்கள், பக்கவாட்டில் இரண்டு சம நீளப் பக்கங்கள், இப்படி ஒரு நாற்கரம். மேலே உள்ள இரண்டு கோணங்களும் சமம் என்று காட்டிவிடலாம். அவை செங்கோணமா, விரிகோணமா, குறுங்கோணமா? செங்கோணம் தவிர மற்ற இரண்டையும் உடைத்துவிட்டால் எடுகோள் நிறுவப்பட்டுவிடும். விரிகோணத்தை ஒழுங்காக உடைத்தார், நேர்கோட்டை எவ்வளவு தூரமும் நீட்டலாம் என்பதோடு அது மோதியது. குறுங்கோணத்தை எடுத்துக்கொண்டு தேற்றம் மேல் தேற்றமாக நிறுவிக்கொண்டே போனார், எதுவும் மோதவில்லை. கடைசியில், இது நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதது என்று சொல்லி முடித்துவிட்டார். எந்தத் தேற்றத்தோடும், எந்த எடுகோளோடும் முரண்படவில்லை, அவருடைய மனசுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். பிறகு 1829-இல் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் போயாயும் அதே குறுங்கோண உலகத்தை ஒரு முழு வடிவியலாக வெளியிட்டார்கள்.

அந்த உலகத்தில் முக்கோணக் கோணங்களின் கூடுதல் 180°-க்குக் குறைவு, ஆகவே வழி 1-ஐ அப்படியே எழுத முடியாது. இரண்டு செங்கோண முக்கோணம் மட்டும் அங்கேயும் கிடையாது, வழி 3-உம் வழி 4-உம் ஒரு எழுத்து மாறாமல் அங்கேயும் செல்லும். இணைகோட்டு எடுகோளைத் தொடாமல் நிறுவியதற்குக் கிடைத்த பலன் இது.

விடைத்தாளிலும் சாக்கேரியின் சறுக்கலைப் பார்க்கலாம். "இது சாத்தியமற்றது" என்ற வரிக்கு முன்னால் "ஏனெனில்" போட்டு ஒரு தேற்றத்தின் பெயரோ எடுகோளின் பெயரோ இல்லையென்றால், அங்கே மோதல் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

## யாருக்கு எது

தேர்வில் இரண்டு அல்லது மூன்று மதிப்பெண் கேள்வி, 180° ஏற்கெனவே படித்த தேற்றம்: வழி 1. நேரடியாகவே எழுதுங்கள், "∠B + ∠C = 180° − ∠A < 180°" போதும். கேள்வியிலேயே "முரண்பாடு மூலம்" என்று கேட்டிருந்தால் அனுமானத்தை முதல் வரியில் வைத்து, ∠A = 0° ஏன் முடியாது என்ற காரணத்தையும் எழுதிவிடுங்கள், அதை விட்டால் மோதல் பாதியில் நிற்கும்.

180°-ஐ இன்னும் நடத்தாத வகுப்பு, அல்லது தேற்றங்களை வரிசையாகக் கட்டிக்கொண்டு வரும் வகுப்பு: வழி 3. இணைத் தேற்றங்களுக்கு எப்படியும் வெளிக்கோணம் தேவைப்படும், அதனால் உழைப்பு வீணாகாது.

முரண்பாட்டு முறை என்றால் என்ன என்று முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் தயங்காமல் வழி 4. √2 விகிதமுறா எண் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள், அங்கே பகா எண், சுருங்கிய பின்னம் என்று வேறு சுமைகள் வந்துவிடும். இங்கே ஒரு சர்வசமமும் ஒரு கோடும்தான், அனுமானம் எப்படி வேலை செய்கிறது என்பது வெளியே தெரிகிறது. முடித்தவுடன் ஒரு பந்தில் ரப்பர் பேண்டுகளைப் பெருவட்டமாக மாட்டி, எந்த வரி உடைகிறது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

வழி 2-ஐ, ஒத்த கோணக் கூற்றை அடிப்படை உண்மையாக வைத்திருக்கும் பாடநூலைப் பின்பற்றுகிறவர்கள் எழுதலாம், அப்போதும் "ஒத்த கோணங்கள் 90°, ஆகவே இணை" என்ற படியை எழுதிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதை இணைகோட்டுப் பாடம் முடிந்தபின், இரண்டு கூற்றுகளும் ஒன்றே என்று காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.